திட்டக் கரைசல் தயாரிப்பில் எங்கே தவறுகிறது: அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

கல்லூரி வேதியியல் லேபில் பல வருடங்களாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்: "சார், எடை சரியா போட்டேன், கோடு வரைக்கும் தண்ணி ஊத்தினேன், ஆனா டைட்டர் மட்டும் வர மாட்டேங்குது." பத்தில் எட்டு முறை காரணம் நாலைந்து இடங்களில்தான் இருக்கும். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் பிரச்சினை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

பேச்சு தெளிவாக இருக்க ஒரே ஒரு கரைசலை எடுத்துக்கொள்வோம். நீரற்ற சோடியம் கார்பனேட், 0.05 M, 250 மில்லி. இதை வைத்து ஏறக்குறைய 0.1 M ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் செறிவைக் கண்டுபிடிக்கிறோம், நிறங்காட்டி மெத்தில் ஆரஞ்ச். கணக்கு இதுதான்:

```
Na2CO3 = 105.99 g/mol
0.05 x 0.250 x 105.99 = 1.3249 g
Na2CO3 + 2HCl -> 2NaCl + H2O + CO2
M(HCl) = 2 x M(Na2CO3) x 25 / titre
```

எல்லாம் சரியாக இருந்து, அமிலமும் சரியாக 0.1 M ஆக இருந்தால், 25 மில்லி கார்பனேட்டுக்கு 25 மில்லி அமிலம் செலவாகும், இந்தச் செலவைத்தான் டைட்டர் என்கிறோம். இந்த 25 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும்.

இன்னொன்று. தராசில் சரியாக 1.3249 என்று நிற்க வைக்க வேண்டும் என்று ஸ்பேட்டுலாவால் துகள் துகளாகப் போட்டும் எடுத்தும் பத்து நிமிடம் போராடுபவர்கள் நிறைய. தேவையே இல்லை. 1.32க்கும் 1.35க்கும் நடுவில் எங்கே நின்றாலும் சரி, நின்ற எண்ணை நாலு தசமத்துக்கும் எழுதிக்கொண்டு அதை வைத்துச் செறிவைக் கணக்கிடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பொடி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்புறம் நீங்கள் எடை போடுவது கார்பனேட்டோடு சேர்த்துத் தண்ணீரையும்தான்.

## அறிகுறி 1: தராசில் எண் நிற்கவே இல்லை

முதலில் பொருளை வெளியே எடுத்துவிட்டு, கதவுகளை மூடி, காலித் தட்டோடு ஒரு நிமிடம் பாருங்கள். இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது.

காலித் தட்டிலேயே எண் ஓடுகிறது என்றால் பிரச்சினை தராசிலோ அறையிலோ இருக்கிறது. மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்துங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும், ஏனென்றால் கதவு மூடியிருந்தாலும் இடுக்கு வழியாக வரும் காற்று நாலாவது தசமத்தை ஆட்டி வைக்கப் போதும். அடுத்து, மட்டக் குமிழி வட்டத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மேசையை யாராவது நகர்த்தியிருந்தால் அது விலகியிருக்கும், அடியில் உள்ள திருகுக் கால்களைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். மின்சாரம் போய் வந்திருந்தால் தராசு சூடேற அரை மணி நேரமாவது விட வேண்டும். கரன்ட் வந்த ஐந்தாவது நிமிடத்தில் எடை போட உட்கார்ந்தால் எண் மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டுதான் இருக்கும்.

காலித் தட்டில் 0.0000 உறுதியாக நிற்கிறது, பொருளை வைத்தால் மட்டும் ஓடுகிறது என்றால் பொருளையோ பாத்திரத்தையோ சந்தேகிக்க வேண்டும். எடை போடும் குப்பியைக் கையில் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள காற்று சூடாகி மேலே எழும்பும், தட்டை லேசாகத் தூக்கும், அதனால் உண்மை எடையைவிடக் குறைவாகக் காட்டி, ஆற ஆற ஏறிக்கொண்டே போகும். ஓவனிலிருந்து எடுத்ததை டெசிகேட்டரில் குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும் என்பது இதற்காகத்தான். குப்பி குளிர்ந்துதான் இருக்கிறது, ஆனாலும் எண் மெதுவாக ஏறுகிறது என்றால் பொடி ஈரம் இழுக்கிறது. மழைக் காலத்தில், கடலோர ஊர்களில், இதைக் கண்ணால் பார்க்கலாம், கடைசி இலக்கம் சில நொடிக்கு ஒரு முறை ஒன்று ஒன்றாகக் கூடும். இதற்கு மருந்து மூடியுள்ள எடைக்குப்பிதான். திறந்த தாளிலோ வாட்ச் கிளாஸிலோ எடை போடாதீர்கள்.

எண் ஒரு பக்கமாக ஓடாமல் முன்னும் பின்னும் தாவுகிறது, பிளாஸ்டிக் தட்டில் பொடி ஒட்டிக்கொள்கிறது என்றால் அது நிலைமின்சாரம். குளிர்சாதன அறையில்தான் பெரும்பாலும் வரும். கண்ணாடிக் குப்பிக்கு மாறிவிடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: லேபில் சரிபார்க்கும் எடைக்கல் ஒன்று இருக்கும். அதை இடுக்கியால் எடுத்து வையுங்கள், வெறும் கையால் தொடக் கூடாது. கேலிபரேஷன் செய்த பிறகும் கல்லின் மதிப்பு வரவில்லை, அல்லது அதே கல்லை ஐந்து முறை வைத்து எடுத்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது என்றால் சர்வீஸ் ஆளைத்தான் கூப்பிட வேண்டும். தராசை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் சென்சாரைத் தெரியாமல் தொட்டுவிட்டால் பழுது செலவு பல மடங்காகிவிடும்.

## அறிகுறி 2: கரையவில்லை, அல்லது கலங்கலாக இருக்கிறது

அடியில் கல் மாதிரி கட்டி நிற்கிறது. பீக்கரில் பொடியைப் போட்டு அதன் மேல் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். நீரற்ற கார்பனேட் தண்ணீர் பட்டதும் நீரேற்றம் அடைந்து கட்டியாகிவிடும், அந்தக் கட்டியின் உள்ளே தண்ணீர் போக நேரமாகும். அடுத்த முறை வரிசையை மாற்றுங்கள்: பீக்கரில் முதலில் 100 மில்லி போல் தண்ணீர், அதைக் கண்ணாடிக் குச்சியால் கலக்கிக்கொண்டே பொடியைத் தூவுங்கள். இப்போது கட்டி ஆகிவிட்டதை வீசிவிட வேண்டியதில்லை, பொறுமையாகக் கலக்கினால் கரைந்துவிடும். லேசாகச் சூடாக்கினாலும் தவறில்லை, ஆனால் அறை வெப்பநிலைக்கு வரும்வரை அளவுக்குடுவைக்குள் ஊற்றாதீர்கள். குச்சியால் கட்டியைக் குத்தி உடைக்கவும் வேண்டாம், தெறிக்கும் ஒவ்வொரு துளியும் உங்கள் எடையிலிருந்துதான் போகிறது.

எதையும் குடுவைக்குள் போட்டுக் கரைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எளிதில் கரையும் பொருளுக்குச் செய்யலாம். ஆனால் கட்டி கட்டினால் குடுவைக்குள் குச்சி விட்டுக் கலக்க முடியாது, அங்கே மாட்டிக்கொள்வீர்கள். கார்பனேட்டுக்குப் பீக்கர்தான் நல்லது.

எல்லாம் கரைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் பால் கலந்தது போல மங்கலாக இருக்கிறது. இதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன், பொடியைக் குறை சொல்லிப் புதுப் பாட்டில் திறப்பார்கள், அதிலும் அதே மங்கல் வரும். குற்றவாளி பெரும்பாலும் தண்ணீர். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய. கார்பனேட் போட்டால் கால்சியம் கார்பனேட்டாக வீழ்படிவாகி மங்கலாகும். வாஷ் பாட்டிலில் யாரோ குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள், அல்லது வாலை எந்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் மறுபக்கம் தெறித்துக் கலந்திருக்கும்.

சோதனை சுலபம். ஒரு சோதனைக் குழாயில் அதே தண்ணீரைப் பாதி எடுத்து, கார்பனேட் ஒரு சிட்டிகை தாராளமாகப் போட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, பின்னால் கறுப்புத் தாள் பிடித்துப் பாருங்கள். பக்கத்தில் வேறு இடத்திலிருந்து வாங்கிய நல்ல காய்ச்சி வடித்த நீரில் அதையே செய்து வையுங்கள். ஒன்று மங்கி மற்றது தெளிவாக இருந்தால் தண்ணீர்தான். இரண்டும் மங்கினால் பொடியில் கரையாத அழுக்கு இருக்கிறது, பாட்டிலை மாற்றுங்கள்.

மங்கலான கரைசலை வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்றால், கூடாது. வடிதாளில் தங்குவது கார்பனேட்டின் ஒரு பகுதி, உங்கள் எடைக்கு அர்த்தம் போய்விடும். கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வாலை எந்திரத்தின் தண்ணீர் தொடர்ந்து இந்தச் சோதனையில் தோற்றால், உள்ளே படிந்த உப்புப் படிவத்தை நீக்கிப் பாருங்கள், அதன் பிறகும் மாறவில்லை என்றால் அதற்கும் சர்வீஸ் ஆள்தான்.

## அறிகுறி 3: கோட்டில் ஏதோ கோளாறு

கோட்டைத் தாண்டிவிட்டது. நேராகச் சொல்லிவிடுகிறேன்: கொட்டிவிட்டு மறுபடி எடை போடுங்கள். கூடிப் போன தண்ணீரைப் பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்தால் சரியாகாது, ஏனென்றால் நீங்கள் எடுப்பது வெறும் தண்ணீர் இல்லை, அதில் கார்பனேட்டும் வருகிறது, எவ்வளவு வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

"ரெண்டு மில்லிமீட்டர்தானே" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். 250 மில்லி குடுவையின் கழுத்து உள்விட்டம் சுமார் 14 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கழுத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரம் 0.15 மில்லி. ஏ கிளாஸ் குடுவைக்கு அனுமதித்த பிழையே அவ்வளவுதான், 250க்கு ±0.15 மில்லி. அதாவது ஒரு மில்லிமீட்டர் தவறினாலே நல்ல குடுவை வாங்கிய பலன் போய்விடுகிறது. ஆனால் ஒரு சொட்டு 0.05 மில்லிதான், அதனால் சொட்டு சொட்டாக விடத் தெரிந்தவர்களுக்குத் தாண்டவே தாண்டாது. கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வந்ததும் வாஷ் பாட்டிலைக் கீழே வைத்துவிடுங்கள். கழுத்தின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தண்ணீர் வடிய ஒரு நிமிடம் கொடுங்கள். அப்புறம் டிராப்பர். இந்த ஒரு பழக்கம் வந்தாலே தாண்டுவது நின்றுவிடும்.

கோட்டில் சரியாக இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கோடு கழுத்தைச் சுற்றி வளையமாக இருக்கும். கண் சரியான உயரத்தில் இருந்தால் முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் ஒன்றாக, ஒரே கோடாகத் தெரியும். நீள்வட்டமாகத் தெரிந்தால் நீங்கள் மேலிருந்தோ கீழிருந்தோ பார்க்கிறீர்கள். குடுவையைத் தூக்கிப் பிடிக்காமல் மேசையில் வைத்து நீங்கள் குனியுங்கள். ஒரு வெள்ளை அட்டையில் கறுப்புப் பட்டை ஒட்டி, பட்டையின் மேல்விளிம்பு கோட்டுக்குச் சற்றுக் கீழே வரும்படி பின்னால் பிடித்தால், திரவத்தின் வளைவின் அடி கறுப்பாகத் தெளிந்து நிற்கும். அந்த அடி கோட்டைத் தொட வேண்டும்.

எந்தப் பக்கம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு அறிகுறி 5ல் உதவும். மேலிருந்து பார்த்தால் திரவம் இருப்பதைவிட உயரமாகத் தோன்றும், அதனால் குறைவாக நிரப்பிவிடுவீர்கள், கரைசல் செறிந்து டைட்டர் கூடும். கீழிருந்து பார்த்தால் நேர்மாறாக நடக்கும்.

மூடி போட்டுக் குலுக்கியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. பயப்பட வேண்டாம், தண்ணீரும் சேர்க்க வேண்டாம். கொஞ்சம் கரைசல் மூடியிலும் கழுத்தின் மேல்பகுதியிலும் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். செறிவு ஏற்கனவே முடிவாகிவிட்டது. இப்போது தண்ணீர் சேர்த்தால்தான் கெடும். தேர்வில் பதற்றத்தில் இதைச் செய்துவிட்டு நல்ல கரைசலை நீர்த்துப்போக வைத்தவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

குலுக்கவில்லை, அப்படியே வைத்திருந்தேன், அரை மணியில் மட்டம் இறங்கியிருக்கிறது. இது வேறு கதை. சூடாக இருக்கும்போதே கோடு வரை நிரப்பிவிட்டீர்கள். 40 டிகிரியில் நிரப்பியது 30 டிகிரிக்கு ஆறினால் 250 மில்லியில் ஏறக்குறைய 0.85 மில்லி சுருங்கும், கழுத்தில் அது ஐந்து மில்லிமீட்டருக்கு மேல், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இன்னும் தலைகீழாகக் குலுக்கவில்லை, கழுத்தில் மட்டும் இறங்கியிருக்கிறது என்றால் காப்பாற்றலாம்: முழுதாக ஆறிய பிறகு சொட்டுச் சொட்டாகக் கோடு வரை நிரப்பி, அப்புறம் குலுக்குங்கள். குலுக்கிப் பிப்பெட்டில் எடுத்தும் ஆகிவிட்டது என்றால் வழியில்லை.

குடுவையில் 20°C என்று எழுதியிருக்கிறது, நம் லேபில் 31 டிகிரி, அதனால் தப்பாகிவிடுமா என்று கேட்பார்கள். சில குடுவைகளில் 27°C என்றும் இருக்கும். போரோசிலிகேட் கண்ணாடி விரிவது மிகக் குறைவு, பத்து டிகிரிக்கு 250 மில்லியில் 0.03 மில்லிகூட இல்லை. நிரப்பிய அதே அறை வெப்பநிலையில் பயன்படுத்தினால் கவலைப்பட ஒன்றுமில்லை.

கழுத்தில் முத்து முத்தாகத் துளிகள் நிற்கின்றன. குடுவையில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. சோப்புக் கரைசல் ஊற்றி ஊறவைத்துக் கழுவி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரால் அலசுங்கள். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் படலமாக வழியும், துளியாக நிற்காது. உள்ளே ஈரமாக இருப்பது பிரச்சினையே இல்லை, எப்படியும் தண்ணீர்தானே சேர்க்கப் போகிறோம், அதனால் அளவுக்குடுவையை ஓவனில் வைத்துக் காயவைக்காதீர்கள்.

## அறிகுறி 4: டைட்டர் 25க்குக் கிட்டவே வரவில்லை

கொஞ்சம் தள்ளி இல்லை, எங்கேயோ போய் நிற்கிறது. இது நல்ல செய்தி, ஏனென்றால் எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். நீங்கள் 1.3249 கிராம் எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

டைட்டர் 9.3 மில்லி கிட்ட வந்தால், பாட்டிலில் இருப்பது பத்து நீர் மூலக்கூறு கொண்ட படிகக் கார்பனேட், அதன் மோலார் நிறை 286.14. 21.4 வந்தால் ஒரு நீர் மூலக்கூறு கொண்டது. 15.8 வந்தால் கார்பனேட்டே இல்லை, பைகார்பனேட் எடுத்துவிட்டீர்கள், இரண்டு பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் லேபில் இது நடக்கும். 12.5 வந்தால் பொடியில் குறையில்லை, மெத்தில் ஆரஞ்சுக்குப் பதில் பினால்ஃப்தலீன் விட்டிருக்கிறீர்கள், அது பாதி வழியிலேயே நிறம் மாறிவிடும்.

இந்த எண்களில் ஒன்று வந்தால் தராசையும் குடுவையையும் நோண்டிக்கொண்டிருக்காதீர்கள், நேராகப் போய் லேபிளைப் படியுங்கள்.

## அறிகுறி 5: டைட்டர் கொஞ்சம் தள்ளி நிற்கிறது

இதுதான் பிடிபடக் கஷ்டமானது, அதனால் நிதானமாகப் போவோம். முதல் கேள்வி: ஒரே குடுவையிலிருந்து எடுத்த மூன்று டைட்டரும் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா?

ஒத்துப் போகவில்லை, 25.6, 25.1, 24.8 என்று ஒரே திசையில் நகர்கிறது. கரைசல் சரியாகக் கலக்கவில்லை. அடர்ந்த கரைசல் அடியிலும் வெறும் தண்ணீர் கழுத்திலும் நிற்கிறது. இரண்டு முறை சுழற்றினால் போதும் என்று நினைப்பார்கள், போதாது. மூடியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழுதாகத் தலைகீழாக்கி, கழுத்தில் இருக்கும் காற்றுக் குமிழி குண்டுக்குள் முழுதாக ஏறும்வரை பொறுத்து, நிமிர்த்தி, மறுபடி. இப்படி 15 முதல் 20 முறை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கலக்காத கரைசலில் சர்க்கரைப் பாகு கரைவது போல நெளிநெளியாகக் கோடுகள் ஓடுவது தெரியும். அது மறைந்த பிறகும் ஐந்து முறை திருப்புங்கள். ஆனால் கலக்குவதற்கு முன்பே பிப்பெட்டில் எடுத்துவிட்டிருந்தால் மிச்சமுள்ளதைக் கலக்கிப் பயனில்லை, எடுத்த பகுதியின் செறிவு வேறாகிவிட்டதே, புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

முன்னும் பின்னுமாகச் சிதறினால் அது திட்டக் கரைசலின் குறை இல்லை. பிப்பெட்டும் பியூரெட்டும்தான்: பிப்பெட்டைக் கரைசலால் அலசவில்லை, பியூரெட்டின் நுனியில் காற்றுக் குமிழி, இப்படி ஏதாவது.

மூன்றும் ஒத்துப் போகின்றன, ஆனால் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. இப்போது தவறு கார்பனேட்டிலா அமிலத்திலா என்று ஒரே குடுவையை வைத்துச் சொல்லவே முடியாது. இரண்டாவது குடுவை ஒன்றைப் புதிதாக எடை போட்டுத் தயாரியுங்கள், முடிந்தால் வேறொருவர் கையால். இரண்டிலிருந்தும் அமிலத்தின் செறிவைக் கணக்கிடுங்கள். இரண்டும் ஒரே செறிவைத் தந்தால், பெரும்பாலும் கரைசல்கள் சரி, அமிலம்தான் நீங்கள் நினைத்த 0.1 இல்லை. வேறு வேறு செறிவு வந்தால் ஏதோ ஒரு குடுவையில் தவறு.

எங்கள் லேபில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாணவி 1.3262 கிராம் எடுத்தாள், அதாவது 0.05005 M. டைட்டர் மூன்று முறையும் 24.60, ஆக அமிலம் 0.1017 M. பக்கத்து மேசைப் பையன் அதே அமிலத்துக்கு 1.3418 கிராம் எடுத்தான், 0.05064 M, டைட்டர் 25.35, அமிலம் 0.0999 M. இரண்டுக்கும் 1.8 சதவீத வித்தியாசம். மூன்று டைட்டரும் ஒத்துப் போகும்போது இது கை நடுக்கத்தால் வருவதில்லை.

பையனின் எண் சரி என்று எடுத்துக்கொண்டால் அவளுக்கு 25.05 வந்திருக்க வேண்டும். 0.45 மில்லி குறைகிறது. அவள் எடுத்த எடையில் 1.8 சதவீதம் என்றால் 24 மில்லிகிராம், குடுவைக்குள் போய்ச் சேராத கார்பனேட். எங்கே போனது? பீக்கரை நாலு முறை அலசியிருந்தாள், புனலையும் அலசியிருந்தாள், அதை நானே பார்த்தேன். "எதுல எடை போட்டம்மா?" என்று கேட்டேன். "பட்டர் பேப்பர்ல சார்." தாள் குப்பைக் கூடையில் மேலாகவே கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு, விரல் நீளத்துக்கு. தாளைத் தராசில் வைத்து, அப்புறம் அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தோம். வித்தியாசம் 0.02 கிராமைச் சற்றுத் தாண்டியது. டேர் செய்துவிட்டுப் பொடியைப் போட்டு எடை எழுதினாள், ஆனால் தாளில் ஒட்டியது பீக்கருக்குப் போகவே இல்லை.

இதற்கு நிரந்தரத் தீர்வு வித்தியாச முறை. எடைக்குப்பியைப் பொடியோடு எடை போடுங்கள். பொடியைப் பீக்கரில் கொட்டுங்கள். குப்பியை மறுபடி எடை போடுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பீக்கருக்குள் உண்மையில் போனது கிடைக்கும், குப்பியில் ஒட்டியிருப்பதைப் பற்றிக் கவலையே இல்லை. அதனால் குப்பியை அலசவும் கூடாது, அலசினால் கழித்த எடைக்கு மேல் போய்விடும். இந்த இரண்டு முறையையும் பாதி பாதியாகக் கலப்பவர்களுக்குத்தான் அதிகம் தவறுகிறது.

வித்தியாச முறையில்தான் செய்தீர்கள், ஆனாலும் டைட்டர் குறைவாக இருக்கிறது என்றால் இந்த வரிசையில் பாருங்கள். பீக்கர், குச்சி, புனலின் உள்பக்கம் எல்லாவற்றையும் சிறிது சிறிதாக 20 மில்லி போல் தண்ணீர் எடுத்து மூன்று நாலு முறை அலசிக் குடுவைக்குள் சேர்த்தீர்களா? சந்தேகமாக இருந்தால் கடைசியாக அலசிய தண்ணீரில் ஒரு துளியைக் குடுவைக்கு வெளியே எடுத்து ஒரு சொட்டு பினால்ஃப்தலீன் விடுங்கள், இளஞ்சிவப்பாக மாறினால் பீக்கரில் இன்னும் கார்பனேட் மிச்சம் இருக்கிறது. அடுத்தது பொடியின் ஈரம். நூற்றுக்கு ஒரு பங்கு ஈரம் இருந்தால் டைட்டர் 0.25 மில்லி குறையும். பொடியைக் குரூசிபிளில் 270 டிகிரிக்கு மேல், 300ஐத் தாண்டாமல் ஒரு மணி நேரம் சூடாக்கி, டெசிகேட்டரில் ஆற்றி எடை பாருங்கள், மறுபடி அரை மணி சூடாக்கி எடை பாருங்கள், ஒரு மில்லிகிராமுக்குள் நின்றால் காய்ந்துவிட்டது. அந்தச் சூட்டில் கலந்திருக்கும் பைகார்பனேட்டும் கார்பனேட்டாகிவிடும். 110 டிகிரி ஓவனை நம்பி அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் இந்த அறிவுரை நீரற்ற கார்பனேட்டுக்கு மட்டும்தான். ஆக்சாலிக் அமிலம், மோர் உப்பு மாதிரிப் படிக நீர் உள்ளவற்றை ஓவனில் வைத்தால் அந்த நீர் போய் மோலார் நிறையே மாறிவிடும்.

டைட்டர் கூடுதலாக இருந்தால் மேலே சொன்னபடி மேலிருந்து பார்த்துக் குறைவாக நிரப்பியதா, சூட்டோடு நிரப்பியதா என்று பாருங்கள். அப்புறம் இரண்டு இடம்: கூம்புக் குடுவையைக் கார்பனேட் கரைசலாலேயே அலசினீர்களா, அது கூடுதல் கார்பனேட். பியூரெட்டை அமிலத்தால் அலசாமல் தண்ணீர் ஈரத்தோடு நிரப்பினீர்களா, அது நீர்த்த அமிலம். கூம்புக் குடுவைக்குத் தண்ணீர், பியூரெட்டுக்கு அமிலம், பிப்பெட்டுக்குக் கார்பனேட்.

இதையெல்லாம் பார்த்தும் ஒரு குறிப்பிட்ட குடுவையில் மட்டும் எப்போதும் தள்ளியே வருகிறது என்றால் குடுவையையே சோதிக்கலாம். நன்கு காய்ந்த காலிக் குடுவையை எடை போட்டு, அறை வெப்பநிலையில் உள்ள காய்ச்சி வடித்த நீரைக் கோடு வரை நிரப்பி மறுபடி எடை போடுங்கள். இதற்கு 500 கிராம் வரை தாங்கும், இரண்டு தசமம் காட்டும் தராசு போதும். 30 டிகிரியில் நீரின் எடை 248.7 கிராம் கிட்ட வர வேண்டும். 250 வராதே என்று திகைக்காதீர்கள், அந்த வெப்பத்தில் தண்ணீர் அவ்வளவுதான் கனக்கும். மூன்று முறை செய்து சராசரி அரை கிராமுக்கு மேல் தள்ளி நின்றால் அந்தக் குடுவையைத் திட்டக் கரைசலுக்கு எடுக்காதீர்கள். ஆராய்ச்சிக்கோ மருந்துக் கம்பெனி வேலைக்கோ சான்றிதழ் வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட கேலிபரேஷன் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், வீட்டு முறை அதற்குச் செல்லாது.

## அறிகுறி 6: மூடி இறுகிக்கொண்டது

கார்பனேட் கரைசலைக் கண்ணாடி மூடி போட்ட அளவுக்குடுவையிலேயே ஒரு வாரம் வைத்துவிட்டுப் போனால் இது நடக்கும். காரக் கரைசல் மூடியின் சொரசொரப்பான பகுதியில் காய்ந்து உப்பாகி இறுக்கிவிடும். முறுக்கித் திறக்காதீர்கள், கழுத்து உடைந்து உள்ளங்கையைக் கிழிக்கும். மூடியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் ஊறவிடுங்கள், காலையில் துணியால் பிடித்துக் கழுத்தின் வெளிப்பக்கத்தில் மட்டும் வெந்நீர் ஊற்றி, மரக் கைப்பிடியால் மூடியை லேசாகத் தட்டுங்கள். வரவில்லை என்றால் கண்ணாடி ஊதும் ஆளிடம் கொடுங்கள். திறந்தாலும் அந்தக் கரைசலைக் கொட்டிவிடுங்கள். அடுத்த முறை தயாரித்த அன்றே பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்றி, பொருளின் பெயர், செறிவு, தேதி, தயாரித்தவர் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். பாட்டிலை முதலில் அதே கரைசலில் கொஞ்சம் விட்டு அலசிக் கொட்டிய பிறகு நிரப்புங்கள், உள்ளே தண்ணீர் ஈரம் இருந்தால் இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த செறிவு அங்கே மாறிவிடும்.